பக்கத்தில் போய் நிற்பதற்கு ஒரு பயிற்சி

மேனேஜர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்தார். மனசு இளகியெல்லாம் கொடுக்கவில்லை. எங்கள் மில் நூலை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரப்போகிறது. ஒரு பெண்ணிடம் ஒருத்தன் தப்பாக நடந்துகொண்டால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா, போட்டோ எங்கே என்று கேட்பார்கள். அதற்காகக் கொடுத்தார். சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் மாறும்போது, கேன்டீனில். "மேடம், பேனர் மட்டும் நல்லா பெருசா இருக்கட்டும்" என்றார். பயிற்சியில் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற பக்கம் இருக்கும் ஒரு நூற்பு மில்லில் நான் வெல்ஃபேர் ஆபீசர். பேருக்குத்தான் ஆபீசர். பாத்ரூமில் தண்ணீர் வராததிலிருந்து சாம்பாரில் உப்பு கூடிப்போனது வரைக்கும் என் தலையில்தான் விடியும். பாலியல் புகார்களை விசாரிக்கிற கமிட்டியிலும் நான் ஓர் உறுப்பினர். அந்தக் கமிட்டிக்கு அதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. அதை மேனேஜர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். புகார் வராததால் தப்பே நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை.

பயிற்சி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. அன்று மதியமே அந்தப் பெண் என்னிடம் வந்தாள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு முதலுதவி அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னாள். இருபத்திரண்டு வயசு. அகரம் பக்கத்திலிருந்து மில் வேனில் வருகிறவள். தபால் வழியில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தலையில் மாட்டியிருந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அதன் மேலெல்லாம் பஞ்சு.

அவள் வேலை ரிங் ஃபிரேமில். அது நூல் சுற்றுகிற நீள நீளமான மெஷின்கள் வரிசையாக நிற்கிற இடம். இரண்டு மெஷினுக்கு நடுவில் ஒரு சந்து. சந்தில் நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு 'சைடு' உண்டு, அவள் பார்த்துக்கொள்ள வேண்டிய மெஷின் பக்கம். சத்தம் என்றால் அம்புட்டுச் சத்தம். காதில் பஞ்சோ அடைப்பானோ இல்லாமல் நிற்க முடியாது. ஒருவர் மற்றவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு அது வசதியாகப் போய்விட்டது. வேலை சொல்லித்தருகிற மாதிரி சந்துக்குள் வருவார், பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பார், காதோடு பேசுவார். கை இடுப்புக்கு வரும். நகர்ந்தால் அவரும் நகர்வார். முன்னால் ஓடுகிற மெஷின், பின்னால் அந்த ஆள். இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறது.

இதையெல்லாம் அவள் அழாமல்தான் சொன்னாள். அழுதது அடுத்ததைச் சொல்லும்போதுதான்.

"அவன் கையக்கூடத் தட்டி விட்டுருவேங்க்கா. ரெண்டு பக்கமும் ஆளு நிக்குதுல்ல? அவன் உள்ள வந்தான்னா, எல்லாரும் மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிறாங்க. அதுதான் தாங்கல. நான் அங்கன இல்லாத மாதிரியே இருக்காங்க."

எழுதிக் கொடு என்றேன். எழுத்தில் வந்தால்தான் கமிட்டி விசாரிக்க முடியும், எழுதத் தயக்கமாக இருந்தால் உட்கார்ந்து எழுத நானே உதவுகிறேன், விசாரணை முடிகிறவரை அந்த ஆளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், உன் பேரை வெளியே விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினாள். விசாரணை என்று வந்தால் யார் பார்த்தது என்று கேட்பீர்கள், யாரும் பார்க்கவில்லை என்பார்கள், அப்புறம் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன் என்றாள். சாட்சி இல்லாவிட்டாலும் விசாரிப்போம் என்றேன். நம்பவில்லை. எப்படியும் விஷயம் வீட்டுக்குப் போகும், போனால் மறுநாளே வேலையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் கட்டிக்கொள்ளத் தாய்மாமன் தயாராக நிற்கிறார், படிப்பும் அதோடு சரி என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"இந்த வாரம் பாப்பேங்க்கா. ஏலலைன்னா அடுத்த திங்கக்கெழமை வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.

பேரைச் சொல்லாமல் மேனேஜரிடம் போய், ரிங் ஃபிரேம் பக்கம் நீங்களே அடிக்கடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நல்லது என்றேன். புகார் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன மேடம்" என்று போனை எடுத்துக்கொண்டார். ஆக, என் கையில் மிச்சம் இருந்தது அந்த இருபது நிமிடம்தான். போட்டோவுக்காக விட்டெறிந்த இருபது நிமிடம். அதை வைத்துத்தான் அவளை அடுத்த திங்கட்கிழமை வேனில் ஏற்ற வேண்டும்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். பயிற்சிக் கையேடுகள் கொட்டிக் கிடந்தன. லிஃப்டில் ஒருவர் நெருங்கி நிற்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? காபி மெஷின் பக்கத்தில் ஒருவர் அசிங்கமாக ஜோக் அடிக்கிறார், என்ன செய்வீர்கள்? அட போங்கப்பா. எங்கள் மில்லில் லிஃப்ட்டும் கிடையாது, காபி மெஷினும் கிடையாது. அலுமினிய வாளியில் டீ வரும். ஆனால் அதில் சொல்லியிருந்த ஐந்து வழிகள் நல்ல வழிகள்தான். பேச்சை மாற்றி அந்த இடத்தைக் கலைப்பது. வேறு ஆளைக் கூப்பிடுவது. நடந்ததைக் குறித்து வைப்பது. முடிந்த பிறகு அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசுவது. ஆபத்து இல்லையென்றால் நேருக்கு நேர் தடுப்பது. ஐந்தையும் அழகாகத் தமிழில் எழுதி, மறுநாள் டீ நேரத்தில் மூன்று பேரை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன்.

'சார், நீங்கள் செய்வது சரியில்லை' என்று உறுதியான குரலில் சொல்லுங்கள் என்று வாசித்தேன். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், அகரம் வேனில் வருகிறவள்தான், "மேடம், அங்கன நான் கத்துனா எனக்கே கேக்காது. இதுல உறுதியான குரலுக்கு எங்க போக?" என்றாள். அதோடு, சைடை விட்டுவிட்டு எப்படிப் போவது? போன நேரத்தில் இங்கே இழை அறுந்துகொண்டே போகும், உற்பத்தி குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும், மெமோவில் கையெழுத்துப் போடுவதும் அந்த சூப்பர்வைசர்தானே என்றார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்.

போகிற போக்கில், பொதுவாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: மெஷின் பக்கம் இந்த மாதிரி ஏதாவது நடந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"நான் என் சைடப் பாத்துக்கிட்டு இருப்பேன் மேடம்" என்றாள் அந்த இரண்டு பிள்ளைத் தாய். மற்ற இரண்டு பேரும் அதையே, அதே வார்த்தையில் சொன்னார்கள். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பார்த்திருக்கிறார்கள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பார்த்துவிட்டுப் பச்சையாகப் புளுகுகிறார்களே, நாளைக்கு இவர்களுக்கே நடந்தால் என்ன செய்வார்கள் என்று அறைக்குள் தனியாக உட்கார்ந்து திட்டித் தீர்த்தேன்.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ரிங் ஃபிரேமில் போய் நின்றேன். நான் நின்ற நேரமெல்லாம் அந்த சூப்பர்வைசர் உத்தமபுத்திரனாக இருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். "என்ன மேடம், இந்தச் சூட்டுல வந்து நிக்கிறீங்க" என்று எனக்கு ஃபேன் வேறு திருப்பிவிட்டார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. ஷிஃப்ட் முழுக்க நான் நின்று காவல் காக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆனால் நின்றதில் ஒன்றைப் பார்த்தேன். தினமும் நடப்பதுதான், நான் கவனித்ததில்லை. ஒருத்தியின் சைடில் திடீரென்று இழைகள் ஒட்டுமொத்தமாக அறுந்து போகும். ஒருத்தியால் சமாளிக்க முடியாது. அவள் கையை மட்டும் மேலே தூக்குவாள். உடனே பக்கத்துச் சந்திலிருந்து ஒருத்தி, எதிர்ச் சந்திலிருந்து ஒருத்தி வந்து பக்கத்தில் நின்று மடமடவென்று ஒட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு பேச்சுக் கிடையாது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எந்த சூப்பர்வைசரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது; ஓடுவது கம்பெனி நூல்.

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். சத்தம் போட வேண்டாம். யாரையும் எதிர்க்க வேண்டாம். இழை ஒட்டப் போகிற மாதிரிப் போய் நின்றால் போதும். அந்த ஆளால் அங்கே நிற்க முடியாது. ஏன் வந்தாய் என்று கேட்கவும் முடியாது.

அன்று ராத்திரி பழசையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். ஐந்து வழிகளையும் நாலு சின்னச் சொற்களாக்கினேன். போ. நில். கேள். சொல். பக்கத்தில் போ, ஏதாவது ஒரு வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு. சும்மா நில், அந்த ஆள் நகர்கிறவரை. அப்புறம் அவளைத் தனியாகக் கேள், உனக்கு என்ன செய்யட்டும் என்று. அவள் சரி என்றால் மட்டும் கமிட்டியிடம் சொல். நீ பார்த்ததை, பார்த்த நாளோடு. கூடவே செய்யக் கூடாதவையும் எழுதினேன். அடிக்கப் போகாதே. போனில் படம் எடுத்து குரூப்பில் போடாதே. அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லாதே. நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் வருகிறான் என்று அவளிடமே கேட்காதே.

சம்பவங்கள்தான் என்னை வாட்டி எடுத்தன. நிஜமாக இருக்க வேண்டும். ஆனால் நிஜத்தில் யாருக்கு நடந்தது என்று தெரிந்துவிடக் கூடாது. ரிங் ஃபிரேம் சந்து என்று சொன்னால் அத்தனை கண்ணும் அவள்மேல் விழும். ஆகவே சந்தையே எடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். மூன்று சம்பவங்கள் மிச்சம். வேனில் ஒருத்தன் இடம் இருந்தும் ஒரு பெண்ணை ஒட்டியே வந்து உட்காருகிறான். கேன்டீன் வரிசையில் ஒருத்தன் ஒருத்தியின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், மற்றவர்களும் சிரிக்கிறார்கள். புதிதாக வந்த ஒரு பெண்ணைக் நூல் சுற்றிய கோன்களை அடுக்குகிற அறைக்குள் ஒருத்தர் தனியாகக் கூப்பிடுகிறார். கையைத் தூக்கினால் ஓடிவருகிற பழக்கத்தை மட்டும் முதலிலேயே பொதுவாகச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மற்றதை அவர்களே சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் ஒன்று கேட்டேன். சூப்பர்வைசர்களுக்குத் தனியாக வேறு நாள் வைத்துக்கொள்ளலாம், தொழிலாளர்கள் இருக்கும்போது அவர்கள் வேண்டாம் என்றேன். மேலே இருக்கிறவர்கள் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று விளக்கியும் பார்த்தேன். ரெண்டு தடவை வைக்க நேரம் இல்லை, ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைக்கவும் ஆள் வேண்டுமே என்று அதையும் தள்ளிவிட்டார்.

ஆக சனிக்கிழமை மதியம், ஆட்களை வரிசையாகக் கூட்டி வந்து உட்கார வைத்தது அந்த சூப்பர்வைசர்தான். யாரைத் தடுப்பதற்காக இந்தப் பயிற்சியோ அவரே கதவோரம் கை கட்டி நின்றுகொண்டு, "சத்தம் போடாம மேடம் சொல்றதக் கேளுங்க" என்று அதட்டுகிறார். சுவர் அளவுக்குப் பேனர். கீழே ஷிஃப்ட் முடித்துக் களைத்துப்போன பெண்கள், பாதிப் பேர் வேன் வந்துவிட்டதா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அவள் நடுவரிசையில் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

கையைத் தூக்கினால் ஓடிவருகிற பழக்கத்தை நினைவுபடுத்திவிட்டு, நாலு சொற்களைச் சொன்னேன். வேன் சம்பவத்தை வேகமாக முடித்தேன். கேன்டீன் வரிசைக்குக் கொஞ்சம் சிரித்தார்கள்; தட்டை நீட்டிக்கொண்டு நடுவில் போய், இன்னைக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டாலே பேச்சு அறுந்துவிடும் என்று ஒருத்தி சொன்னாள். சரியான பதில். கொஞ்சம் தைரியம் வந்தது. மூன்றாவதை, அந்தக் கோன் அறைச் சம்பவத்தை, நடித்துப் பார்ப்போம் என்றேன்.

அப்போது கதவோரத்திலிருந்து அந்த ஆள், "அந்தப் புள்ளய நடிக்கச் சொல்லுங்க மேடம், அது நல்லா நடிக்கும்" என்று சொல்லி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்திருக்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாள்.

அவருக்குத் தெரிந்துவிட்டதோ, ரிங் ஃபிரேமில் நான் போய் நின்றதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்தேன். அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவள்தான் மாட்டுவாள். "அந்த வேஷம் எனக்கு. யாரும் வர வேண்டாம், உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒருத்தியிடம் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் ஒட்டிப் போட்டேன். இதுதான் அந்த ஆள் என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தேன். கேன்டீன் முழுக்க முகங்கள் வேறு பக்கம் திரும்பியிருந்தன. தரையை, ஜன்னலை, தங்கள் கையை. இது நாடகம், நிற்பது ஒரு நாற்காலி. அப்படியும் திருப்பிக்கொண்டார்கள். என் நம்பிக்கை அத்தோடு போய்விட்டது. எதற்கு மெனக்கெட்டேன், இந்த ஜனத்தை வைத்துக்கொண்டு யாரைக் காப்பாற்றப் போகிறேன் என்று மனசு விட்டுப்போனது.

"ஏம்மா, ஏன் எல்லாரும் அங்கிட்டுப் பாக்குறீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது.

இரண்டு பிள்ளைத் தாய்தான் மெதுவாகச் சொன்னாள்: "பாத்தா அந்தப் பொம்பளைக்குக் கேவலமாப் போயிருமே மேடம். நம்ம பாத்தது தெரிஞ்சா, நாளைக்கு அவ நம்ம மூஞ்சில எப்படி முழிப்பா? அவ மானத்துக்காகத்தான் பாக்காத மாதிரி இருக்கது."

பல பேர் தலையை ஆட்டினார்கள். இத்தனை நாளும் பயம் என்று நினைத்தேன், புளுகு என்று நினைத்தேன். பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மேல் இது இருந்தது. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் எல்லோரும் சேர்ந்து அவளைத் தனியாக விட்டிருக்கிறார்கள்.

என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் நடுவரிசையில் ஓர் அசைவு. அவள்தான். அந்த ஆளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு நேராக வந்தாள், எனக்கும் அந்த நாற்காலிக்கும் பக்கவாட்டில் நின்றாள், இல்லாத மெஷினில் இல்லாத இழையை ஒட்ட ஆரம்பித்தாள். தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் திரும்பிக்கொள்ளவில்லை.

"இப்படி வந்து நின்னாக் கேவலமா இருக்காதுக்கா. நல்லாத்தான் இருக்கும்" என்றாள், அந்த இரண்டு பிள்ளைத் தாயைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்து யாராவது எழுந்திருப்பார்கள் என்று பார்த்தேன். கதவோரத்தில் அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வேன் நிக்குது, கிளம்புங்க கிளம்புங்க" என்று கையைத் தட்டினார். பெஞ்சுகள் இழுபட்டன. கூட்டம் கலைந்தது. போட்டோக்காரர் மட்டும் பேனருக்குக் கீழே என்னை நிறுத்தி இரண்டு படம் எடுத்தார். கேள் என்பதையும் சொல் என்பதையும் நான் விளக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூரா வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தேன். அத்தனை பேர் முன்னால் அவள் எழுந்து வந்துவிட்டாளே, அந்த ஆள் சும்மா விடுவானா, இனி அவள் எப்படி வருவாள் என்று அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் மில் கேட்டில் போய் நின்றேன். வத்தலக்குண்டு வேன் வந்தது. சின்னாளபட்டி வேன் வந்தது. அகரம் வேன் வரவில்லை. ஷிஃப்ட் சங்கு ஊதியாயிற்று. கேட்டில் வருகை குறிக்கிற டைம் ஆபீஸ்காரர் டிரைவருக்குப் போன் போட்டுக் கத்தினார். நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவனே, அவள் இல்லாமல் மற்றவர்களோடு மட்டும் அந்த வேன் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வேனே வராமல் இருந்தாலாவது வண்டி பழுது என்று நினைத்துக்கொள்ளலாம்.

வேன் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் இரண்டு பிள்ளைத் தாய் இறங்கினாள், அவளுக்குப் பின்னால் இவள். டிரைவர் என்னிடமே வந்து முறையிட்டான். அந்தப் புள்ள நிறுத்தத்துக்கு வரவில்லையாம், இவன் வண்டியை எடுக்கப் போனால் பெண்கள் விடவில்லையாம், இந்த அம்மா இறங்கி அவள் வீட்டுக்கே நடந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்தாளாம். அவள் வீட்டில் என்ன சொன்னாய் என்று இரண்டு பிள்ளைத் தாயை ஓரமாகக் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, ஷிஃப்டுக்கு நேரமாச்சு வா என்று மட்டும் வாசலில் நின்று கூப்பிட்டதாகச் சொன்னாள். உனக்கு என்ன செய்யட்டும் என்று வழியில் அவளைத் தனியாகக் கேட்டேன் என்றாள். கேள் என்பதை நான் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லையே.

அன்று டீ நேரத்துக்கு முன்னால் அந்த ஆள் அவள் சந்துக்குள் போயிருக்கிறார். நான் அங்கே இல்லை, பிற்பாடு கேட்டதுதான். அவள் கையைத் தூக்கியிருக்கிறாள். முதலில் இரண்டு பிள்ளைத் தாய் வந்தாள். எதிர்ச் சந்திலிருந்து ஒருத்தி வந்தாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். அறுந்திருந்தது என்னவோ நாலைந்து இழை. ஆள் மாற்றி ஆள் அதையே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வந்த நாலு பேரும் அந்த ஆள் முகத்தையே பார்த்தார்களாம். அவர் வெளியே போகிறவரை.

போன மனுஷர் சும்மா இருக்கவில்லை. வந்த நாலு பேர் சைடிலும் அந்த நேரத்தில் இழை அறுந்து கிடந்தது என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மதியம் நாலு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வெல்ஃபேர் ஆபீசர் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். அந்த ஆள் மேனேஜர் பக்கத்தில் நின்றார். என்னால்தான் இவர்களுக்கு மெமோ, வேலைக்கே உலை வைத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். வெளியே வராந்தாவில் அவள் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

சைடை விட்டுவிட்டு ஏன் போனீர்கள் என்று மேனேஜர் கேட்டார். இரண்டு பிள்ளைத் தாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் சைடைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லப்போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"பாத்தேன் சார். அதான் போனேன்."

எதைப் பார்த்தாய் என்றார் மேனேஜர். அதைக் கமிட்டியில் கேட்டால் சொல்கிறேன் என்றாள். அடுத்தவளிடம் கேட்டார். "நானும் பாத்தேன் சார்." மூன்றாமவளும் நான்காமவளும் அதையே சொன்னார்கள். அந்த ஆள் ஏதோ பேச வாயைத் திறந்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மெமோவை மட்டும் எடுத்து நாலு பேர் பக்கமும் நகர்த்தினார். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். தொப்பி கையில் இருந்தது. வீட்டுக்குத் தெரியத்தான் போகிறது, தாய்மாமன் இன்னும் அங்கேதான் நிற்கிறார், எதுவும் மாறிவிடவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

"எழுதிருவோம்க்கா" என்றாள்.

பையில் பேனாவைத் தேடினேன். அகப்படவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. உள்ளேயிருந்து வந்த இரண்டு பிள்ளைத் தாய், மெமோவில் கையெழுத்துப் போட்ட பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.